தோசைக்கல் பராமரிப்பு: ஐந்து பதிவுகள்

அக்கா, வார்ப்பிரும்புத் தோசைக்கல்லுக்கான இன்ஸ்டாகிராம் பதிவுகளை எழுதிவிட்டேன். கல் வாங்கியவர் வீட்டில் என்ன நடக்குமோ அதே வரிசை. ஆனால் யாரும் முதலிலிருந்து தேடிப் படிக்கப் போவதில்லை. துரு கண்ட அன்று துருப் பதிவு மட்டும்தான் கண்ணில் படும், அதனால் செய்ய வேண்டியது முழுக்க அந்தந்தப் பதிவிலேயே இருக்கிறது. ஐந்தையும் கோர்ப்பது எண்ணெய்ப் படலம். படங்களில் ஒரே கல்லைக் காட்டுவோம், அது கறுத்துக்கொண்டே வருவது தெரியட்டும்.

திங்கள்:
புதுக் கல்லில் உடனே தோசை ஊற்றாதீர்கள். வடிகஞ்சியில் இரண்டு நாள் ஊறவையுங்கள், கஞ்சியைத் தினமும் மாற்றுங்கள். அப்புறம் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவிட்டு, நல்லெண்ணெயைத் துணியால் மெலிதாகத் தேயுங்கள். லேசாகப் புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் இறுகிப் படலமாகிவிடும். அதிகம் ஊற்றினால் பிசுபிசுக்கும். இனி முதல் தோசை!

புதன்:
தோசை ஒட்டுகிறதா? தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சுரீரென்று துள்ளி ஓட வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். புதுக் கல்லில் சில நாள் எண்ணெய் தாராளமாக இருக்கட்டும், படலம் ஊறும். சுட்டு முடித்ததும் சூட்டோடு குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

வெள்ளி:
சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். ஆறியதும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் படலத்தை உரித்துவிடும். தொட்டியில் ஊறப்போட வேண்டாம். அடுப்பில் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் துரு வரும்.

திங்கள்:
கல்லில் துருவா? தூக்கிப் போடாதீர்கள், வார்ப்பிரும்பு அதற்கெல்லாம் வீணாகாது. இந்த ஒரு வேலைக்குக் கம்பி நாரை எடுக்கலாம். பழுப்பு நிறம் போகும்வரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் துணியில் கறை ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் தேயுங்கள். உடனே அடுப்பில் காயவைத்து, எண்ணெயை மெலிதாகத் தடவிப் புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் படலம் திரும்பிவிடும். அதைக் காப்பாற்ற, சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்:
நேற்று சப்பாத்தி, இன்று தோசை வரமாட்டேன் என்கிறதா? எண்ணெயில்லாமல் வெகுநேரம் காய்ந்ததில் படலம் எரிந்துவிட்டது. புளி, தக்காளி சேர்ந்த சமையலும் அதைக் கரைக்கும். கல் வெளுத்திருந்தால் எண்ணெய் தடவிப் புகையும்வரை சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி பழக்குங்கள்.

துருப் பதிவை மட்டும் ஐப்பசி மழை தொடங்கியதும் திரும்பப் போட வேண்டும் அக்கா. அதற்குத் துருப் பிடித்த கல்லின் படம் தேவை, குடோனில் மூலையில் கிடக்கும் பழைய கல்லைத் தேய்த்துவிடாமல் வையுங்கள்.