தம்பியின் அமெரிக்க மாணவர் விசா நேர்காணல்: எடுத்துப் போகவேண்டியவை

தம்பி, பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ஏறும் முன் இன்னொரு முறை சரிபார். கோலாலம்பூர் வந்தபின் பினாங்குக்குத் திரும்பி ஓட முடியாது.

நீலக் கோப்பு (அசல்)
☐ கடப்பிதழ். பழையது இருந்தால் அதுவும்.
☐ ஐ-20. நீயே பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கடப்பிதழில் உன் பெயர் 'ஏ/எல்' என்பதோடு இருக்கிறது. ஐ-20, டிஎஸ்-160 இரண்டிலும் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார். வித்தியாசம் தெரிந்தால் இன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுது.
☐ டிஎஸ்-160 உறுதிப் பக்கம். பார்கோடு தெளிவாகத் தெரிய வேண்டும்.
☐ செவிஸ் கட்டண ரசீது, 350 டாலர்
☐ நேர்காணல் முன்பதிவுத் தாள், விசா கட்டண ரசீது
☐ புகைப்படம் இரண்டு: 5 செ.மீ. சதுரம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாமல். நம்மூர் கடப்பிதழ் அளவு செல்லாது, கடையில் சொல்லி எடு.
☐ மைகார்டு, எஸ்பிஎம், எஸ்டிபிஎம் சான்றிதழ்கள்

பணம் பற்றியவை
☐ அப்பாவின் வங்கிக் கணக்கு அறிக்கை, 6 மாதம்
☐ சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை
☐ அப்பா கையெழுத்திட்ட செலவுப் பொறுப்புக் கடிதம்
☐ பிறப்புப் பத்திரம், ஆங்கில மொழிபெயர்ப்புடன். அவர்தான் உன் அப்பா என்று காட்ட இதுதான் ஆதாரம்.

மஞ்சள் கோப்பு: எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோஸ்டேட், இதே வரிசையில். அசலோடு கலக்காதே.

கைப்பேசியையும் பையையும் என்னிடம் கொடுத்துவிடு. ஜாலான் துன் ரசாக்கில் தூதரகத்துக்கு வெளியே காத்திருப்பேன்.

அக்கா