சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் ஒரு புள்ளிச் சுமை: ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் வரைபடங்கள்

கணக்கு: 6 மீட்டர் நீளமுள்ள பீம் AB. A-யில் பின் சப்போர்ட், B-யில் ரோலர் சப்போர்ட். A-யிலிருந்து 2 மீட்டரில் உள்ள C என்ற புள்ளியில் 30 கிலோநியூட்டன் சுமை செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. பீமின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு வரைபடங்களையும் வரைந்து, மிகப்பெரிய பெண்டிங் மொமென்ட் எங்கே, எவ்வளவு என்று காட்டுக.

ரியாக்ஷன்கள்

கிடைத்திசையில் சுமை எதுவும் இல்லை. அதனால் A-யில் கிடைத்திசை ரியாக்ஷன் பூஜ்யம். A-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் R_A கணக்கிலிருந்து விலகிவிடும், R_B நேரடியாகக் கிடைக்கும்:

```
R_B × 6 = 30 × 2     →  R_B = 10 kN
R_A = 30 − 10        →  R_A = 20 kN
```

சுமை A-க்குப் பக்கத்தில் இருக்கிறது, A தான் அதிகம் தாங்குகிறது. B-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தாலும் R_A = 30 × 4 / 6 = 20 kN என்றே வருகிறது. இங்கே தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறிவிடும் என்பதால் இந்தச் சரிபார்ப்பை விடவில்லை.

குறி விதி: வெட்டுக்கு இடப்பக்கம் மேல்நோக்கிய விசை பிளஸ். பீமைக் கீழ்நோக்கித் தொய்ய வைக்கும் மொமென்ட் பிளஸ். x எப்போதும் A-யிலிருந்து அளக்கப்படுகிறது.

A முதல் C வரை (0 < x < 2)

வெட்டுக்கு இடப்பக்கம் R_A மட்டுமே இருக்கிறது.

```
V = +20 kN
M = 20x        x = 0: M = 0,  x = 2: M = 40 kN·m
```

C முதல் B வரை (2 < x < 6)

இப்போது 30 கிலோநியூட்டனும் இடப்பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது.

```
V = 20 − 30 = −10 kN
M = 20x − 30(x − 2) = 60 − 10x
x = 2: M = 40 kN·m,  x = 6: M = 0
```

இரண்டு சமன்பாடுகளும் C-யில் ஒரே 40-ஐத் தருகின்றன. மொமென்ட் அங்கே துண்டிக்கப்படவில்லை, அதன் சாய்வுதான் மாறுகிறது.

ஷியருக்கு C-யில் ஒற்றை மதிப்பு கிடையாது. C-க்குச் சற்று இடப்பக்கம் +20, சற்று வலப்பக்கம் −10. இடையில் வரையும் செங்குத்துக் கோட்டின் உயரம் சரியாக 30, அதாவது சுமையின் அளவு. உண்மையான பீமில் எந்தச் சுமையும் ஒரு சிறிய அகலத்தின் மேல்தான் உட்காரும். அந்த அகலத்துக்குள் ஷியர் மிக வேகமாக இறங்கும். சுமையை ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டதால்தான் அந்த இறக்கம் செங்குத்துக் கோடாகிறது.

வரைபடங்கள்

வரைதாளில் அளவு: 1 செ.மீ. = 1 மீட்டர், 1 செ.மீ. = 10 கிலோநியூட்டன், 1 செ.மீ. = 10 கிலோநியூட்டன் மீட்டர். மூன்று படங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, A, C, B நேர்கோட்டில் வரும்படி வரையப்பட்டுள்ளன.

```
            | 30 kN
            v
    A=======C===============B
    ^ 20 kN                 ^ 10 kN
    |- 2 m -|----- 4 m -----|

V (kN)
+20 |-------|
+10 |       |
  0 A-------C---------------B
-10         |---------------|

M (kN·m)
40          *
30        *     *
20      *           *
10    *                 *
 0  A-------C---------------B
```

ஷியர் படம் A-யில் 20 மேலே ஏறி, C-யில் 30 இறங்கி, B-யில் 10 ஏறிப் பூஜ்யத்துக்கே திரும்புகிறது. பூஜ்யத்தில் முடியாவிட்டால் ரியாக்ஷன் தவறு. மொமென்ட் படத்தில் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்க வேண்டும், வளைவு கூடாது. பரவிய சுமை இல்லாத பகுதியில் ஷியர் மாறாது, ஆகவே மொமென்ட்டின் சாய்வும் மாறாது:

```
dM/dx = V
```

இடப்பக்கச் சாய்வு +20, வலப்பக்கச் சாய்வு −10. முக்கோணம் இடப்பக்கம் அதிகச் சரிவாகவும் வலப்பக்கம் குறைந்த சரிவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். ஷியர் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறும் C-யில்தான் மொமென்ட் உச்சம்:

```
M_max = Wab/L = 30 × 2 × 4 / 6 = 40 kN·m,  x = 2 m
```

பீமின் நடுவில், x = 3-ல், மொமென்ட் 30 மட்டுமே. WL/4 என்ற சூத்திரம் சுமை நடுவில் இருந்தால்தான் பொருந்தும். அதை இங்கே போட்டால் 45 என்ற தவறான விடை வரும்.

சரிபார்ப்பு

ஷியர் படத்தின் பரப்பு: இடப்பக்கம் 20 × 2 = +40, வலப்பக்கம் −10 × 4 = −40. கூட்டினால் பூஜ்யம். இரண்டு முனைகளிலும் மொமென்ட் பூஜ்யமாக இருப்பதோடு இது ஒத்துப்போகிறது.

அப்புறம் x = 5-ல் ஒரு வெட்டு. இடப்பக்கத்திலிருந்து 60 − 50 = 10. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் R_B மட்டும், 1 மீட்டர் தூரத்தில்: 10 × 1 = 10 கிலோநியூட்டன் மீட்டர். இரண்டும் ஒன்றே.