கோத்தகிரி நிலம்: அளவும் விலையும்

அக்கா, வணக்கம். மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே மூன்று நாளாக விடாத மழை, மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

பத்திரத்தில் 36 செண்ட், பட்டாவில் 0.14.50, நிலத்தை வாங்கக் கேட்கும் சென்னைக்காரர் பேச்சில் ஆறரை கிரவுண்ட் என்று வருகிறதே, இதெல்லாம் ஒரே இடம்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இடம்தான், பெரியப்பா வாங்கிய அதே தேயிலைக்காடு.

பட்டாவிலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அதுதான் சுலபம். 0.14.50 என்றால் பூஜ்யம் ஹெக்டேர், பதினாலரை ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். உங்கள் ஜெர்மனியிலும் வயல்வெளிக்கு அந்தக் கணக்கு உண்டு. ஆக 1,450 சதுர மீட்டர். மாமா அதைப் பதினாலரை ஏக்கர் என்று படித்துவிட்டாராம், அவ்வளவு இருந்தால் நான் ஏன் இன்னும் பஸ்ஸில் ஊட்டி போய் வருகிறேன்! ஒரு ஏக்கருக்கு 100 செண்ட், செண்டுக்கு 435.6 சதுர அடி, மீட்டரில் நாற்பதரைக்குக் கொஞ்சம் கீழே. அப்படிப் போட்டால் பட்டா அளவு 35.83 செண்ட் வரும். பத்திரத்தின் 36 செண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 74 சதுர அடிதான், முழுமைப்படுத்தி எழுதியதில் வந்தது. அதை விட்டுவிடலாம். பெரியப்பா ‘அரை ஏக்கர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் பாசத்தில் சொன்னது.

கிரவுண்ட் என்பது நம் ஊர்ப் பேச்சே இல்லை. சென்னையில் 2,400 சதுர அடிக்கு ஒரு கிரவுண்ட். நம் கணக்கில் சுமார் ஐந்தரை செண்ட். 36 செண்டை அப்படி வகுத்துத்தான் ஆறரை என்கிறார்.

இனிதான் கவனிக்க வேண்டியது. போன வாரம் சர்வேயரை வைத்து, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் எஃப்எம்பி வரைபடத்தோடு அளந்தோம். தரையில் இருப்பது 34½ செண்ட். மேல்பக்கம் ரோட்டை அகலப்படுத்தியபோது 60 அடி நீளத்துக்குப் பதினோரு அடி போல உள்ளே வந்திருக்கிறார்கள். பழைய எல்லைக்கல் இப்போது தாருக்கு அந்தப் பக்கம், சாக்கடையை ஒட்டி நிற்கிறது. போட்டோ அனுப்புகிறேன். பட்டாவில் இது இன்னும் ஏறவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் உங்களுக்குப் போன் செய்து 39 செண்ட் இருக்கிறது என்றாராமே, அதை நம்ப வேண்டாம். அவர் டேப்பைச் சரிவோடு படுக்கப் போட்டு அளந்திருக்கிறார். மலையில் நில அளவு மட்டமாகத்தான் எடுக்க வேண்டும். நம் காட்டுச் சரிவில் 100 அடி டேப் ஓடினால் கணக்கில் 88 அடிதான் நிற்கும். தேயிலைச் செடி சரிவில் கூடுதலாகப் பிடிக்கும், பத்திரத்தில் பிடிக்காது.

சரி, விலைக்கு வருகிறேன். சென்னைக்காரர் கிரவுண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் என்கிறார். இங்குள்ளவர் செண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். காதில் விழும்போது முதலாவது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பன்னிரண்டரையைச் செண்டுக்கு இறக்கினால் ஏறக்குறைய 2 லட்சத்து 27 ஆயிரம்தான். 34½ செண்டுக்கு உள்ளூர்க்காரர் தருவது 82 லட்சத்து 80 ஆயிரம். சென்னைக்காரர் கணக்கில் அது 6.26 கிரவுண்ட், சுமார் 78 லட்சத்து 27 ஆயிரம். பத்திரப்படி ஆறரை கிரவுண்டுக்கே கொடுக்கிறேன் என்றாலும் 81 லட்சத்து 25 ஆயிரம்தான். அதோடு அவர் அளந்து பார்த்தபின் குறைக்காமல் இருக்கப் போவதில்லை. எனக்கு உள்ளூர் ஆள்தான் சரியாகப் படுகிறது. ‘அளந்த அளவுக்குத்தான் பணம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டார், பின்னால் பேச்சு மாறாது.

நீங்கள் சம்மதித்தால், நிலத்தை விற்க எனக்கு எழுதித் தரும் பவர் பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி இருக்கட்டும், இதையே அங்கே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

“பத்திரப்படி 36 செண்ட், பட்டாப்படி 0.14.50 ஹெக்டேர் உள்ள பூமியில், மேல்புறம் ரோட்டுக்குப் போனது நீங்கலாக, தற்போது அளந்து கண்ட 34½ செண்ட், அதாவது 0.13.96 ஹெக்டேர், 1,396 சதுர மீட்டர், நான்கு எல்லைக்கு உட்பட்டது.”

கிரவுண்ட் என்று எங்கேயும் எழுத வேண்டாம். சர்வே எண்ணையும் எல்லைகளையும் பத்திர நகலில் இருக்கிறபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் இதன் கீழே சேருங்கள். தூதரகத்தில் கையெழுத்துப் போட்ட பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அதனால் கூரியரில் போட்ட அன்றே எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் போன் வந்த பிறகு பேசுகிறேன்.

தம்பி,
சரவணன்