நான்காம் வகுப்பு: இவ்வார வீட்டுப்பாடத் தெரிவுக் கட்டம்

அன்பு மாணவர்களே, ஒவ்வொரு வரிசையிலும் உங்களுக்குப் பிடித்த ஒரு பணியைத் தேர்ந்தெடுத்து முடித்து, வெள்ளிக்கிழமை காலையில் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்.

| | அ | ஆ |
|---|---|---|
| வாசிப்பு | நூலகப் புத்தகத்திலுள்ள ஒரு கதையை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் கேட்ட ஒரு கேள்வியையும் உங்கள் பதிலையும் எழுதுங்கள். | நாளிதழில் ஐந்து புதிய சொற்களைக் கண்டெடுத்து வாக்கியத்தில் அமையுங்கள். |
| கணக்கு | ஒரு தேங்காய் 35 ரூபாய் என்றால், 4 தேங்காய் வாங்கி 200 ரூபாய் கொடுக்கும்போது மீதி எவ்வளவு கிடைக்கும் என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். | 7, 8 ஆம் வாய்பாடுகளைப் பார்க்காமல் எழுதுங்கள். |
| வீட்டுப் பணி | முருங்கைக் கீரையைக் காம்பு நீக்கி ஆய்ந்து கொடுங்கள். | துவைத்த துணிகளை மடித்து வையுங்கள். |

பெற்றோர் கவனத்திற்கு: விடை தவறாக இருந்தாலும் அதைத் திருத்த வேண்டாம், பிள்ளை யோசித்த வழியைப் பார்த்த பிறகே நான் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன்.

வகுப்பாசிரியர்