இறுதிக் கணக்குத் தீர்வுப் பட்டியல் குறித்த விளக்கக் கடிதம்

ராணிப்பேட்டை,
22.07.2024

பெறுநர்
டோக்கன் எண் 417, முதுநிலைத் தையல் இயந்திர இயக்குநர்,
அப்பர் தையல் பிரிவு

பொருள்: 12.07.2024 அன்று பணியிலிருந்து விலகியதை ஒட்டிய இறுதிக் கணக்கு, திருத்தப்பட்ட பட்டியல், விளக்கம்

அன்புள்ள அம்மா,

கடந்த 18ஆம் தேதி தாங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, 15ஆம் தேதி வழங்கப்பட்ட இறுதிக் கணக்குப் பட்டியலில் மூன்று இடங்களைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்டீர்கள். அவற்றில் ஒன்றில் தவறு எங்களுடையதே என்பதால் பட்டியல் திருத்தப்பட்டுள்ளது. மற்ற இரண்டிலும் தொகை சரியாகவே இருந்தாலும், அது எப்படி வந்தது என்று அன்றே விளக்காமல் தாளை மட்டும் கையில் கொடுத்தது முறையன்று. ஆகவே கணக்கு முழுவதையும் இக்கடிதத்தில் எழுதுகிறோம். திருத்தப்பட்ட தொகைகள் இவை:

ஜூலை மாதம் 11 வேலை நாட்களுக்கான ஊதியம்: ரூ. 8,250
மிகைநேர ஊதியம், 6 மணி நேரம்: ரூ. 1,125
ஈட்டிய விடுப்பு 29 நாட்களுக்கான ஊதியம்: ரூ. 21,750
பணிக்கொடை, 15 ஆண்டுகள்: ரூ. 1,35,000
மொத்தம்: ரூ. 1,66,125

பிடித்தம், பி.எஃப்.: ரூ. 792
பிடித்தம், ஈ.எஸ்.ஐ.: ரூ. 71
பிடித்தம், தீபாவளி முன்பண நிலுவை: ரூ. 2,000
பிடித்தங்கள் மொத்தம்: ரூ. 2,863

நிகரத் தொகை: ரூ. 1,63,262

இந்த நிகரத் தொகையில் ஊதியமும் விடுப்பு ஊதியமும் சேர்ந்து, பிடித்தங்கள் போக வரும் ரூ. 28,262, தாங்கள் விலகியதிலிருந்து இரண்டாவது வேலை நாளான ஜூலை 15 அன்றே தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது. பணிக்கொடை ரூ. 1,35,000 வரும் 25ஆம் தேதி, வியாழக்கிழமை, அதே கணக்கில் வரவு வைக்கப்படும். பணிக்கொடையை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்பதும், தவறினால் வட்டியுடன் தர வேண்டும் என்பதும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் விதி. அந்தக் கெடு ஆகஸ்ட் 11 வரை இருக்கிறது என்றாலும் அதுவரை காத்திருக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

முதலில் எங்கள் தவறு. ஜூலை 15 பட்டியலில் தாங்கள் பணியில் சேர்ந்த நாள் 03.06.2010 என்று இருந்தது. அது பயிற்சிக் காலம் முடிந்து பணி உறுதி செய்யப்பட்ட நாள். தாங்கள் தொழிற்சாலைக்குள் முதன்முதலாக வந்தது 03.12.2009 அன்று. இடைப்பட்ட 6 மாதங்களில் தாங்கள் இருந்தது தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட பயிற்சியில் அல்ல; மற்றவர்களைப் போலவே மாத ஊதியம் பெற்று, தையல் மேசையில் அமர்ந்து வேலை பார்த்தீர்கள். எங்களுக்குள் அதைப் பயிற்சி என்று அழைத்ததாலேயே அது பணிக்காலக் கணக்கிலிருந்து விலகிவிடாது. ஓரம் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த பழைய அடையாள அட்டையைத் தாங்கள் எடுத்து மேசை மேல் வைத்தபோது அதில் 2009 டிசம்பர் என்று தெளிவாகவே இருந்தது, பி.எஃப். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தபோது முதல் சந்தாவும் அதே மாதத்திலிருந்து தொடங்கியிருந்தது.

இந்த 6 மாதம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்றால், பணிக்கொடைக்கு முழு ஆண்டுகளை எண்ணிய பிறகு மிஞ்சும் காலம் 6 மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் ஓர் ஆண்டாகக் கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம். 2010 ஜூனிலிருந்து எண்ணினால் தங்கள் பணிக்காலம் 14 ஆண்டு, 1 மாதம், சில நாட்கள். அது 14 ஆண்டாக நின்றுவிடும். 2009 டிசம்பரிலிருந்து எண்ணினால் 14 ஆண்டு, 7 மாதம், சில நாட்கள். அது 15 ஆண்டாகும். முன்பு ரூ. 1,26,000 என்று எழுதியதற்கும் இப்போது ரூ. 1,35,000 என்று எழுதுவதற்கும் உள்ள ரூ. 9,000 வேறுபாடு இதனால் வந்ததே. பதிவேட்டில் இருந்த நாளைச் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறோம். தாங்கள் அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்காவிட்டாலும் நாங்களே கண்டுபிடித்திருக்க வேண்டிய பிழை இது. 2013ஆம் ஆண்டு தாங்கள் எடுத்த 12 வார மகப்பேறு விடுப்பும், 2020இல் ஊரடங்கின்போது தொழிற்சாலை மூடியிருந்த நாட்களும் பணி முறிவாகக் கொள்ளப்படவில்லை என்பதையும் இங்கேயே தெரிவித்துவிடுகிறோம்.

தங்களுடைய இரண்டாவது கேள்வி, ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்றால் அது அரை மாத ஊதியம்தானே, பிறகு ரூ. 9,000 எப்படி வரும் என்பது. தங்கள் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ரூ. 15,600. அதில் சரிபாதி ரூ. 7,800தான். ஆனால் ஒரு நாள் ஊதியத்தைக் காண மாத ஊதியத்தை 30ஆல் வகுக்காமல், வார விடுமுறை நீங்கிய 26 நாட்களால் வகுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படி வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ. 600, அதை 15ஆல் பெருக்கினால் ரூ. 9,000. 15 ஆண்டுகளுக்கு ரூ. 1,35,000. 30ஆல் வகுத்திருந்தால் மொத்தத்தில் ரூ. 18,000 குறைந்திருக்கும். தங்களுக்குக் குறைவாகத் தோன்றிய இந்த 26 உண்மையில் தங்களுக்குச் சாதகமான எண்.

மூன்றாவது கேள்வி சற்று நுட்பமானது. பணிக்கொடைக்கு ஒரு நாள் ஊதியம் ரூ. 600 என்றும், விடுப்புக்கு ரூ. 750 என்றும் ஒரே தாளில் இரண்டு விதமாக இருப்பது ஏன் என்று கேட்டீர்கள். இரண்டும் வெவ்வேறு சட்டங்களின்படி கணக்கிடப்படுகின்றன. பணிக்கொடைக்கு அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். வீட்டு வாடகைப்படி, போனஸ், மிகைநேர ஊதியம் ஆகியவை அதில் சேரா. விடுப்பு ஊதியமோ 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. அதில் போனஸும் மிகைநேர ஊதியமும் நீங்கலாக மாதத்தின் முழு ஊதியமும் கணக்கில் வரும். ஆகவே தங்கள் வீட்டு வாடகைப்படி ரூ. 2,600, பயணப்படி ரூ. 1,300 ஆகியவற்றையும் சேர்த்து ரூ. 19,500 என்று கொண்டு, 26ஆல் வகுத்து, நாளொன்றுக்கு ரூ. 750 என்று எடுத்திருக்கிறோம். விடுப்புக்கும் அடிப்படை ஊதியத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளருக்கு அது பொருந்தாது.

விடுப்பு நாட்கள் 29 என்று வந்த வழி இது. சென்ற ஆண்டிலிருந்து வரவு கொண்டுவரப்பட்ட ஈ.எல். 27 நாட்கள். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூலை 12 வரை, ஞாயிறுகளும் பண்டிகை விடுமுறைகளும் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாளும் தாங்கள் எடுத்த விடுப்புகளும் போக, தாங்கள் வேலை பார்த்தது 152 நாட்கள். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்பதால் 7.6 வருகிறது, அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் முழு நாளாகக் கொள்ள வேண்டும் என்பதால் அது 8 ஆகிறது. ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இடையில் விலகுபவருக்கு இந்தக் கணக்கில் தடையாக இராது. 27உம் 8உம் சேர்ந்து 35. இவ்வாண்டு எடுத்த 6 நாட்களைக் கழித்தால் 29. மீதமிருந்த 4 நாள் சி.எல். பணமாக மாறாது, அது அந்தந்த ஆண்டோடு முடிந்துவிடும் விடுப்பு. தாங்கள் ஜூன் 12 அன்று கொடுத்த ஒரு மாத முன்னறிவிப்பை முழுமையாகப் பணியாற்றியே முடித்ததால் அதற்காக எந்தப் பிடித்தமும் இல்லை.

பிடித்தங்களில் பி.எஃப்., 11 நாட்களுக்கான அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த ரூ. 6,600க்கு 12 சதவீதம். ஈ.எஸ்.ஐ., ஊதியமும் மிகைநேர ஊதியமும் சேர்ந்த ரூ. 9,375க்கு 0.75 சதவீதம். விடுப்பு ஊதியத்திலும் பணிக்கொடையிலும் இவை இரண்டும் பிடிக்கப்படவில்லை. சென்ற தீபாவளிக்குத் தாங்கள் பெற்ற ரூ. 10,000 முன்பணத்தில் நவம்பர் முதல் ஜூன் வரை 8 தவணைகள் கழிந்து ரூ. 2,000 மீதம் இருந்தது. அது ஊதியத்திலிருந்து கழிக்கப்பட்டதே தவிர, பணிக்கொடையில் கை வைக்கவில்லை. நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாத தொகை அது. வருமான வரி எதுவும் இல்லை.

போனஸ் இந்தப் பட்டியலில் இல்லாதது விடுபட்டுப்போனதால் அல்ல. 2023-24 ஆண்டுக்கான போனஸ் விகிதம் இன்னும் முடிவாகவில்லை. தீபாவளிக்கு முன் மற்றவர்களுக்கு வழங்கும்போது தங்கள் வங்கிக் கணக்குக்கும் வந்து சேரும். இவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை 12 வரையிலான காலத்துக்குரிய பங்கு அடுத்த ஆண்டு போனஸோடு வரும். ஆகவே இந்த வங்கிக் கணக்கை மூடிவிட வேண்டாம். பழைய ரசீதுப் படிவத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. போனஸ் நிலுவையில் இருக்கும்போது அப்படி எழுதி வாங்குவது சரியன்று என்பதால், இத்துடன் உள்ள ரசீதில் அந்த வரியை நீக்கியிருக்கிறோம்.

ஜூலை மாதச் சந்தாவைச் செலுத்தியவுடன் தங்கள் யு.ஏ.என். கணக்கில் பணி விலகிய நாளைப் பதிவு செய்துவிடுவோம். குடியாத்தத்தில் சொந்தமாகத் தையல் கடை வைக்கப்போவதாகச் சொன்னதால் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம்: பி.எஃப். சேமிப்பை வேலையின்றி இரண்டு மாதம் கழிந்த பின் முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 10 ஆண்டுக்கு மேல் சந்தா செலுத்தியிருப்பதால் ஓய்வூதியப் பகுதியை ரொக்கமாகப் பெற முடியாது. அது 58 வயதில் மாத ஓய்வூதியமாக வரும். அதற்கான திட்டச் சான்றிதழை இப்போதே விண்ணப்பித்துப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாததைப் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

ஆடி பிறப்பதற்குள் கணக்கு முடிய வேண்டும் என்று தாங்கள் விரும்பினீர்கள். எங்கள் பிழையால் அது ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. திருத்தப்பட்ட பட்டியலின் இரண்டு பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளோம். ஒன்றைத் தாங்கள் வைத்துக்கொண்டு, பணிக்கொடை வரவு வந்ததைச் சரிபார்த்த பிறகு மற்றதில் கையொப்பமிட்டு அனுப்பினால் போதும். அதற்காக நேரில் வர வேண்டியதில்லை, பிரிவு மேற்பார்வையாளரிடம் கொடுத்தனுப்பலாம். தொகையில் இன்னும் ஐயம் இருந்தால் கையொப்பமிடாமல் எங்களிடம் கேளுங்கள். பணி அனுபவச் சான்றிதழில் சேர்ந்த நாள் 03.12.2009 என்றே திருத்தி எழுதப்பட்டு, அதுவும் இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
ஊதியக் கணக்கு அலுவலர்,
மனிதவளப் பிரிவு