ஆணைக்கு மாறாகச் செய்த வர்த்தகம்: இழப்பை ஈடுசெய்யக் கோரும் புகார்

நாள்: 16.07.2025
இடம்: வேலூர்

அனுப்புநர்:
ச. கோவிந்தராஜன்,
சத்துவாச்சாரி, வேலூர்.
கிளையன்ட் கோடு: VLR0417

பெறுநர்:
இணக்க அலுவலர் மற்றும் முதலீட்டாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம், சென்னை.

நகல்: கிளை மேலாளர், ஆபீசர்ஸ் லைன் கிளை, வேலூர்.

பொருள்: 08.07.2025 அன்று விற்கச் சொன்ன 400 பங்குகளுக்குப் பதிலாக 400 பங்குகள் வாங்கப்பட்டது – ஏற்பட்ட இழப்பு ரூ.18,857.75-ஐத் திரும்ப வரவு வைக்கவும், குரல் பதிவு மற்றும் ஆர்டர் பதிவேடுகளின் நகல் வழங்கவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் வேலூர் கிளையில் டிரேடிங் மற்றும் டீமேட் கணக்கு வைத்திருக்கிறேன். இணையவழி வர்த்தக வசதி நான் பெறவில்லை. என் ஆர்டர்கள் எல்லாம் பதிவு செய்த கைபேசியிலிருந்து கிளையின் டீலிங் எண்ணுக்குப் பேசியோ, கையெழுத்திட்ட சீட்டு கொடுத்தோதான் போகும். எப்போது பேசினேன், என்ன சொன்னேன் என்பதை அப்போதைக்கப்போது நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். கீழே உள்ள நேரங்கள் அந்த நோட்டிலிருந்தும், கைபேசி அழைப்புப் பட்டியலிலிருந்தும், தாங்கள் அனுப்பிய எஸ்.எம்.எஸ். மற்றும் கான்ட்ராக்ட் நோட்டுகளிலிருந்தும் எடுத்தவை. நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். பங்கின் பெயரும் ஐ.எஸ்.ஐ.என். எண்ணும் கான்ட்ராக்ட் நோட்டின் முதல் வரியில் உள்ளன. அதை இனி 'மேற்படி பங்கு' என்று குறிப்பிடுகிறேன்.

08.07.2025, செவ்வாய்க்கிழமை. காலை 10:42:05-க்கு டீலிங் எண்ணுக்குப் பேசினேன். அழைப்பு 1 நிமிடம் 34 விநாடி. நான் சொன்னது: "மேற்படி பங்கு 400 இருக்கு, மொத்தத்தையும் வித்துடுங்க, டெலிவரி, லிமிட் 412." டீலர் "400, 412 லிமிட், சரிங்க சார்" என்று திருப்பிச் சொன்னார். விற்கவா வாங்கவா என்பதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை.

10:44:17-க்கு என் கோடில் 400 பங்குகளுக்கு வாங்கும் ஆர்டர் பதிவானது. அதுவும் லிமிட் இல்லாமல், மார்க்கெட் விலையில். ஆர்டர் எண் 1200000018447316. அடுத்த விநாடியே இரண்டு டிரேடாக முடிந்தது: 250 பங்கு ரூ.409.80-க்கு, 150 பங்கு ரூ.409.95-க்கு. மொத்தம் ரூ.1,63,942.50. ஆக, நான் சொன்னதில் பங்கின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே சரியாக வந்தன. திசையும் மாறியது, விலை வரம்பும் போனது.

எஸ்.எம்.எஸ். 10.46-க்கு வந்தது. பார்த்தவுடன் 10:51:40-க்கு அதே எண்ணுக்குப் பேசினேன். அழைப்பு 4 நிமிடம் 12 விநாடி. டீலர் தவறை மறுக்கவே இல்லை. "எண்டர் பண்ணும்போது பை ஆயிடுச்சு சார். ஏறுற பங்குதான், ரெண்டு ரூபா ஏறினதும் நானே வித்துக் குடுத்துடறேன்" என்றார். நான் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னேன். ஒன்று, இந்த வாங்கல் என்னுடையது இல்லை, உடனே என் கணக்கிலிருந்து எடுங்கள். இரண்டு, நான் முதலில் சொன்ன விற்கும் ஆர்டரை இப்போதாவது போடுங்கள். இரண்டுக்கும் அவர் "சரிங்க சார்" என்றார். இரண்டுமே நடக்கவில்லை.

அன்று 11.26 முதல் 11.58 வரை மேற்படி பங்கு ரூ.412-க்கு மேலேயே வியாபாரமானது. அன்றைய உச்சம் ரூ.414.30. என் ஆர்டர் சந்தைக்குப் போயிருந்தால் 400 பங்கும் விற்றுப் போயிருக்கும். அந்தப் பணத்தை நம்பித்தான் 15-ஆம் தேதி தவணை முடியும் நகைக்கடனை மீட்க ஏற்பாடு செய்திருந்தேன்.

பிற்பகல் 2.10-க்குக் கிளைக்கு நேரில் வந்தேன். சந்தை மூட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தவறாகப் போட்ட டிரேடை அன்றே நிறுவனத்தின் பிழைக் கணக்குக்கு மாற்றி, அங்கேயே கணக்கு தீர்க்க வழி உண்டு. பங்குச் சந்தை விதிகளே அதை அனுமதிக்கின்றன. இதைக் கிளை மேலாளரிடம் சொன்னேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்றார். மேற்படி பங்கு அன்று ரூ.401.25-ல் முடிந்தது.

மறுநாள் 09.07.2025 மாலை 4.20-க்குக் கிளை மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது: "சார், எரர் கரெக்‌ஷனுக்கு ஹெச்.ஓ.வுக்கு அனுப்பியாச்சு. முடியற வரைக்கும் ஹோல்டிங்கைத் தொட வேண்டாம்." இந்த ஒரு வரியை நம்பித்தான் என் சொந்த 400 பங்குகளையும் விற்காமல் காத்திருந்தேன். அதன் ஸ்கிரீன்ஷாட் இணைப்பில் உள்ளது.

10.07.2025 காலை 11.05-க்குக் கிளையிலிருந்து பேசினார்கள். "ஃபார்மாலிட்டிக்காக 8-ஆம் தேதி டிரேடுக்கு ஒரு கன்ஃபர்மேஷன் மெயில் அனுப்புங்க" என்றார்கள். மறுத்துவிட்டேன். செய்யச் சொல்லாத ஒன்றைச் செய்யச் சொன்னதாக என் கையாலேயே எழுதி வாங்கும் முயற்சி இது. இந்தப் புகாரில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். தாங்கள் தனியாக விசாரிக்க வேண்டியதும் இதுதான்.

11.07.2025 காலை 9.38-க்கு, பற்று நிலுவை இருக்கிறதென்று தங்கள் ரிஸ்க் பிரிவு தவறாக வாங்கிய அந்த 400 பங்குகளை ரூ.391.10-க்கு விற்றது. 14.07.2025 அன்று, இனியும் காத்திருக்க முடியாமல், கையெழுத்திட்ட சீட்டு கொடுத்து என் சொந்த 400 பங்குகளை விற்றேன். காலை 9.52-க்கு ரூ.388.40 கிடைத்தது.

என் இழப்பின் கணக்கு:

தவறாக வாங்கியதற்கும் ரிஸ்க் பிரிவு விற்றதற்கும் (ரூ.1,56,440.00) உள்ள வித்தியாசம்: ரூ.7,502.50
என் பங்குகள் ரூ.412-ல் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் ரூ.1,64,800-க்கும் 14-ஆம் தேதி கிடைத்த ரூ.1,55,360-க்கும் உள்ள வித்தியாசம்: ரூ.9,440.00
தவறான வாங்கல், அதன் விற்பனை இரண்டுக்கும் பிடித்த புரோக்கரேஜ், எஸ்.டி.டி., முத்திரைக் கட்டணம், சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி., டி.பி. கட்டணம்: ரூ.1,514.37
தாமத வட்டி, 18% வீதம் 5 நாட்களுக்கு: ரூ.400.88
மொத்தம்: ரூ.18,857.75

14-ஆம் தேதி விற்பனைக்குப் பிடித்த கட்டணங்களை நான் கேட்கவில்லை. சரியாக விற்றிருந்தாலும் அவை எனக்கு ஆகியிருக்கும். மன உளைச்சலுக்கென்றும் எதுவும் சேர்க்கவில்லை. தங்கள் கான்ட்ராக்ட் நோட்டிலும் லெட்ஜரிலும் இல்லாத எந்தத் தொகையும் இதில் இல்லை, நான் குறித்த லிமிட் விலையைத் தவிர.

பட்டன் மாறியது கைப்பிழையாக இருக்கலாம். ஆனால் 10.51-க்குப் பிறகு அந்த வாங்கலை என் கணக்கிலேயே விட்டுவைத்தது தெரிந்தே செய்தது. விலை ஏறினால் புகார் தானாக அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பில், என் பணத்தை வைத்துக் கிளை காத்திருந்தது. விலை இறங்கியதும் இழப்பு என் தலையில் விழுந்தது. அதை நான் ஏற்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். 8-ஆம் தேதி காலை என் லெட்ஜரில் இருந்த வரவு ரூ.2,140 மட்டுமே. வாங்கும் ஆர்டருக்கு முன்கூட்டியே மார்ஜின் இருக்க வேண்டும் என்பது விதி. ரூ.1.64 லட்சத்துக்கான ஆர்டர் எந்த மார்ஜினை வைத்து அனுமதிக்கப்பட்டது? ரிஸ்க் பிரிவின் தடுப்பு அன்று ஒழுங்காக இருந்திருந்தால், டீலரின் பிழை திரையோடு நின்றிருக்கும்.

வாடிக்கையாளரின் ஆர்டருக்கு ஆதாரம் இல்லாமல் வர்த்தகம் செய்யக் கூடாது, தொலைபேசியில் வரும் ஆர்டரைக் கட்டாயம் குரல் பதிவு செய்ய வேண்டும், தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பு புரோக்கருடையது என்று செபியின் 22.03.2018 தேதியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. தகராறு எழுந்த பதிவுகளை இறுதித் தீர்வு வரை பாதுகாக்கவும் அதுவே பணிக்கிறது. செபியின் 1992-ஆம் ஆண்டு பங்குத் தரகர் ஒழுங்குமுறைகளில் உள்ள நடத்தை விதியும் வாடிக்கையாளரின் ஆர்டர்களை உண்மையாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இந்த வாங்கலுக்கு நான் பின்னர் ஒப்புதல் தரவில்லை, பணமும் கட்டவில்லை. எனவே என் நடத்தையைக் காட்டி இதை நான் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல இடமில்லை.

ஆகவே நான் கேட்பவை:

ரூ.18,857.75-ஐ இக்கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் என் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும். அதற்கு முன்பாக, 7 நாட்களுக்குள், 08.07.2025 காலை 10:42:05, 10:51:40 ஆகிய இரு அழைப்புகளின் முழுக் குரல் பதிவையும், மேற்படி ஆர்டர் எண்ணுக்குரிய ஆர்டர் லாக்கையும், ஆர்டர் போன டெர்மினல் ஐ.டி.யையும், மார்ஜின் அனுமதிப் பதிவையும், கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போனதாகச் சொன்ன பிழைத் திருத்தக் கோரிக்கையின் நகலையும், அது போன நேரத்துடன், எனக்குத் தர வேண்டும். அப்படி எந்தக் கோரிக்கையும் போகவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். கோரிக்கையை மறுப்பதானால் காரணத்தைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுப் பதில் தர வேண்டும். வாய்மொழிச் சமாதானத்தை இனி ஏற்க மாட்டேன்.

அந்த டீலரின் வேலைக்கு உலை வைப்பது என் நோக்கமல்ல. தவறு நடந்ததை உடனே ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் சம்பளத்தில் இந்தத் தொகையைப் பிடித்து எனக்குத் தருவதை நான் விரும்பவில்லை. 10.51-க்குப் பிறகு சரிசெய்யாமல் விட்டது நிறுவனம், ஈடுசெய்ய வேண்டியதும் நிறுவனமே.

குறித்த காலத்துக்குள் தீர்வு வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும், அதன் பிறகு ஸ்மார்ட் ஓ.டி.ஆர். தளத்தில் சமரசத்துக்கும், தேவைப்பட்டால் நடுவர் தீர்ப்புக்கும் இதே ஆவணங்களுடன் செல்வேன். அதுவரை என் கணக்கில் என் எழுத்துப்பூர்வ ஆர்டர் இல்லாமல் எந்த வர்த்தகமும் செய்யக் கூடாது என்பதையும் இக்கடிதம் மூலம் தெரிவிக்கிறேன்.

இக்கடிதம் பதிவுத் தபாலிலும் தங்கள் குறைதீர்ப்பு மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்குப் புகார் எண்ணுடன் ஒப்புகை அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ச. கோவிந்தராஜன்
கிளையன்ட் கோடு: VLR0417