தனுஷன் பாடசாலைக்கு வராத நாட்கள் பற்றி

தனுஷனின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம்.

நான் அவனுடைய வகுப்பாசிரியை, தரம் 10 பி. கணிதமும் நான்தான் படிப்பிக்கிறேன். போன வாரம் இரண்டு தடவை கோல் எடுத்தேன், ஒரு தடவை மணி அடித்து நின்றுவிட்டது, மற்றத் தடவை சின்னவள் எடுத்து "அம்மா குளிக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டாள், அதனால்தான் இப்படி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், ஆனால் இருவரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள், தனுஷனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

இந்தத் தவணை தொடங்கி நேற்று வரை 47 நாட்கள் பாடசாலை நடந்திருக்கிறது. தனுஷன் வந்தது 29 நாட்கள், வராதது 18. அந்த 18 நாட்களில் 4 நாட்களுக்கு மட்டும்தான் என்னிடம் கடிதம் இருக்கிறது: காய்ச்சல் என்று 2 நாட்கள், அதற்கு டாக்டரின் துண்டும் இருந்தது; ஹட்டனில் செத்த வீட்டுக்குப் போனது என்று 2 நாட்கள். மீதி 14 நாட்களுக்கு ஒன்றும் இல்லை. இன்று காலை இடாப்பைத் திரும்பப் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது, வராத 18 நாட்களில் 13 திங்கள் அல்லது வெள்ளி. சுகமில்லாமல் போவது கிழமை பார்த்து வருவதில்லையே.

உங்களுக்கு இது தெரிந்தே நடக்கிறதா தெரியாமல் நடக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் முதலில் கேட்கிறேன். அந்த நாட்களில் அவன் காலையில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறானா?

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை முடிந்து வந்த பாடத்தில் அவன் பையில் தலையை வைத்துத் தூங்கிப்போனான். எழுப்பவில்லை, பாடம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் கதைத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் விரல் மடிப்பில் தோல் உரிந்து சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன், "பெட்டி தூக்கினேன் மிஸ்" என்றான். எங்கே என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுக் கீழே பார்த்தான். அவன் சொன்னது அவ்வளவுதான், அதற்கு மேல் நானாக ஒரு கதை கட்ட விரும்பவில்லை. ஆனால் நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், புறக்கோட்டையில் எந்த நாளில் லொறி வந்து நிற்கும், கடைகளுக்கு எப்போது கை தேவைப்படும் என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அப்படி ஏதாவது ஒரு கடைக்குப் போகிறான் என்றால், வீட்டுக் கஷ்டத்துக்காகத்தான் போகிறான் என்றால், அதை என்னிடம் மறைக்க வேண்டாம். நான் அவனை ஏசப் போவதில்லை, உங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். அவனுக்கு 15 வயது. இந்த நாட்டில் 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்கு வருவது கட்டாயம், 2021இல் இருந்து வேலைக்கு வைக்கும் வயதும் 16 ஆகிவிட்டது. கடை முதலாளி சொந்தக்காரராக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும், பாடசாலை நாளில் அவனை அங்கே நிறுத்துவது சரியில்லை, அவருக்கும் அது பிரச்சினையாக வரலாம்.

படிப்பு விஷயம். அடுத்த வருஷம் சாதாரண தரம். உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் தமிழும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும், அதில் 3 பாடங்களுக்காவது திறமைச் சித்தி. கணிதம் போனால் மற்ற எட்டுப் பாடங்களையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தக் கதவு திறக்காது. தனுஷனின் கணிதக் கொப்பியை நேற்று வாங்கிப் பார்த்தேன். ஜனவரிப் பக்கங்கள் அழகாக இருக்கின்றன, சிவப்புப் பேனையால் கோடு போட்டு, திகதி எழுதி. பிறகு திகதிகள் பாய்கின்றன. வராத நாள் பாடத்தைப் பக்கத்து மேசைப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறான், கேள்வி இலக்கமும் கடைசி விடையும் இருக்கிறது, நடுவில் செய்கை இல்லை, நாலு வரி வெறுமையாக விட்டிருக்கிறான். பிறகு கேட்டு நிரப்பலாம் என்று இடம் விட்டிருக்கிறான் போல. அந்த வெற்று வரிகளைப் பார்க்கத்தான் எனக்கு மனம் கஷ்டமாகப் போனது, படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை இடம் விடாது.

அவனால் முடியாது என்று நான் சொல்லவே இல்லை. அமைப்பு வரைதல் பாடத்துக்கு அவன் வந்திருந்தான், கவராயத்தைப் பிடித்து முக்கோணியின் உள்வட்டத்தை முதல் தடவையிலேயே பிசகாமல் போட்டான், கரும்பலகைக்குக் கூப்பிட்டு மற்றவர்களுக்கும் செய்து காட்டச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அவன் வரவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வருகிற வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, 1.45க்கு, உங்களில் ஒருவராவது வந்து என்னைச் சந்திக்க வேண்டும். வாசலில் தனுஷனின் வகுப்பு மிஸ்ஸைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள், நான் சொல்லி வைக்கிறேன். அம்மா, சாரி உடுத்துக்கொண்டுதான் வர வேண்டுமே என்று யோசித்து நின்றுவிட வேண்டாம், வேலையால் வருகிற உடுப்போடு வாருங்கள். அப்பாவுக்கு அந்த நேரம் கடையை விட்டு வர முடியாது என்றால் காலையில் 7 மணிக்கு வாருங்கள், கூட்டத்துக்கு மணி அடிக்க முன் அரை மணித்தியாலம் எனக்கு இருக்கிறது. இரண்டும் சரிவராவிட்டால் இரவு 7க்குப் பிறகு கோல் எடுங்கள், ஆனால் எடுங்கள்.

வராத அந்த 14 நாட்களுக்கும் என்ன காரணம் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டு வாருங்கள். உண்மையான காரணத்தை எழுதுங்கள், "சுகமில்லை" என்று எழுதித் தந்தால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் காசுதான் தடையென்றால் இ.போ.ச. பஸ்ஸுக்கு மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கும் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன். சப்பாத்து, கொப்பி, இடைவேளைச் சாப்பாடு என்று எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், வகுப்பில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வேன், இப்படி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறோம், யார் என்று தனுஷனுக்கே தெரியாது.

தவறவிட்ட பாடங்களுக்கு, செவ்வாயும் புதனும் பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம் அவனோடு இருக்கிறேன். காசு ஒன்றும் வேண்டாம். அந்த வெற்று வரிகளில் இருந்து தொடங்குவோம்.

இனிமேல் அவன் வராத நாளில் காலை 8 மணிக்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், ஒரு வரி போதும். வியாழக்கிழமை யாரும் வராமல், கோலும் இல்லாமல், அடுத்த திங்களும் அவன் இடம் காலியாக இருந்தால், இந்த வரவு விபரத்தை எழுத்தில் அதிபரிடம் கொடுப்பேன். அங்கிருந்து அது வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம், அதை நிறுத்துவது என் கையில் இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பிறகு "மிஸ் முதலே சொல்லவில்லையே" என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டு இன்றிரவே அவனை அடிக்கவோ பெரிதாக ஏசவோ வேண்டாம். திங்களும் வெள்ளியும் எங்கே போகிறாய் என்று மட்டும் கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும் வரை இருங்கள்.

வியாழன் 1.45. தரம் 10 பி வகுப்பறையில் இருப்பேன், மாடியில், கன்டீனுக்கு மேலே.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை, தரம் 10 பி